திறந்ததும் மூடுகிற குரல்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணியளவில் என் குரல் இரண்டாவது தடவையாக நின்றது.

முதல் தடவை நின்றது மூன்று வருடங்களுக்கு முன்னர், சத்திரசிகிச்சை மேசையில். புற்றுநோயை எடுக்கும்போது குரல்வளையும் போய்விடும் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் இரண்டு வாரம் கிடைத்தது. அந்த இரண்டு வாரமும் நானும் என் மனைவி இரத்தினம்மாவும் வெள்ளவத்தை ஃபிளாட்டின் படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். கடற்கரை ரயில் கடந்து முடியும்வரை காத்திருப்போம். பிறகு நான் ஒரு வசனத்தைச் சொல்ல, அதை என் போனில் பதிவோம். அதற்கென்று ஒரு செயலி இருந்தது. திறந்தால் சிறிய பெட்டிகளாக ஒரு பட்டியல் வரும். ஒரு பெட்டியைத் தொட்டால் அதில் பதிந்தது கேட்கும். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகள்.

எதைப் பதிவது என்று தீர்மானித்தவள் அவள்தான். நீரிழிவு அவளுடைய கண்களை அப்போதே முக்கால்வாசி தின்றிருந்தது. இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும். நான் எழுதிக் காட்டுவதை அவளால் வாசிக்க முடியாது என்பதை என்னைவிட அவள் முதலில் யோசித்திருந்தாள். "தேத்தண்ணி போடவோ?" "கதவு திறந்து கிடக்கு, கவனம்." "மழை வரப்போகுது." "நான் இங்கதான் இருக்கிறன்." கடைசியாகச் சொன்னதைத்தான் ஒரு நாளில் இருபது தடவையாவது தொடுவேன். பேசாத ஒருவனோடு பார்வையில்லாத ஒருத்தி ஒரே வீட்டில் இருந்தால் அந்த ஒரு வசனம் எவ்வளவு வேலை செய்யும் என்பது வெளியாருக்கு விளங்காது.

அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் அவள் கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு இரவு தங்கியிருந்தாள். காலையில் தங்கையின் மகள் தாரிகா ஓட்டோவில் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். இரத்தினம்மா சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்க நிக்கிறியள்?"

செயலியைத் தொட்டேன். அதன் சின்னம் வந்தது. பட்டியலின் சாம்பல் நிறக் கோடுகள் அரைக் கணம் தெரிந்தன. உடனே எல்லாம் மறைந்து போனின் முகப்பு வந்து நின்றது. மறுபடி தொட்டேன். சின்னம், சாம்பல் கோடுகள், முகப்பு. நாலாவது தடவையில், செயலி நின்றுவிட்டது என்று ஒரு அறிவிப்பு வந்தது.

"என்ன, பேச்சைக் காணேல்ல? ஒரு ராத்திரி போய் நிண்டதுக்குக் கோவமோ?"

எங்களுக்குள் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. மோதிரத்தால் மேசையில் ஒரு தட்டு என்றால் ஓம். இரண்டு தட்டு என்றால் இல்லை. இரண்டு தட்டினேன். அவள் சிரித்தாள். நான் இன்னும் இரண்டு தட்டினேன். சிரிப்பு நின்றது.

அவளுடைய கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் எழுத்தெழுத்தாக எழுதினேன். போ. ன். ப. ழு. து. அவளுடைய விரல் நுனிகளும் கையும் மரத்துப்போய்க்கொண்டிருந்ததால் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. ஐந்து எழுத்து முடிய ஐந்து நிமிடம் ஆனது. விளங்கியதும் அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. போனை அணைத்து மறுபடி போட்டேன். செயலி அதே அரைக் கணத்தில் மூடிக்கொண்டது. மற்றவற்றைத் திறந்து பார்த்தேன். செய்தி, புகைப்படம், வானொலி எல்லாம் திறந்தன, மூடாமல் நின்றன. அப்படியானால் போன் முழுவதும் பழுதில்லை, இது ஒன்றுதான். இடம் நிறைந்துவிட்டதா என்று பார்த்தேன். பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

போனில் எழுதினால் வாசித்துச் சொல்லும் வசதி ஒன்று உண்டு. நல்ல தமிழ்தான். ஆனால் அது ஒரு பெண்ணின் குரல், சென்னையிலிருந்து வருகிற குரல். அன்று மத்தியானம் வேறு வழியில்லாமல் அதில் "சாப்பாடு தயார்" என்று எழுதி வாசிக்கவிட்டேன். இரத்தினம்மா திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாள்.

"ஆர் உள்ளுக்கு வந்தது?"

மறுபடியும் எழுதி விளங்கப்படுத்தினேன், அதே பெண்ணின் குரலில். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பொம்பிளையை நிப்பாட்டுங்கோ. நீங்கள் செத்துப்போய் ஆரோ வந்து எனக்குச் சமைக்கிற மாதிரி இருக்கு."

நிறுத்தினேன். மின்கருவியைக் கழுத்தில் வைத்துப் பேசும் முறையும் எனக்கு உதவவில்லை. கதிர்வீச்சில் தோல் இறுகிப்போய், அதில் வருவது இரும்பு உரசுகிற சத்தம் மட்டும். ஆகவே அன்று மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் ஃபிளாட்டில், காலி நகருக்குப் போகிற காலி வீதியின் பஸ் ஹோர்ன்கள் மட்டும் கேட்டன. வாழ்நாள் முழுவதும் நான் அமைதியை விரும்பியவன். ஒரு புத்தகத்தோடு இரண்டு நாள் யாருடனும் கதைக்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் பேச முடிந்தவன் பேசாமல் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இடைக்கிடை அவள் கையை நீட்டிக் காற்றைத் துழாவுவாள். நான் எழுந்து போய் அந்தக் கையைத் தொடுவேன். தொட்டபின் அவள் கையை எடுத்துக்கொள்வாள். நான் எங்கே இருக்கிறேன் என்று அறிவதற்கு அவளுக்கு அது ஒன்றே வழி.

பின்னேரம் நாலு மணிக்குக் காலி வீதியிலுள்ள ஒரு கடைத்தொகுதியில் போன் திருத்துகிற இடத்துக்குப் போனேன். ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப்போன துண்டைக் கொடுத்தேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த சிங்கள இளைஞர் அதைப் பாதி வாசித்துவிட்டு, போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், செயலியின் பக்கத்தைத் திறந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படங்களையும் இடத்தையும் வைத்தே விரல் ஓடியது.

"டேட்டா க்ளியர் கரமு அங்கிள். ஹரியய்," என்றார். தரவை அழித்துவிடுவோம், சரியாகிவிடும் என்று அர்த்தம்.

தரவு என்பது நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகள். வேறு எங்கும் பிரதி இல்லை. அவருடைய விரல் இறங்குவதைப் பார்த்தேன். நிறுத்து என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாயைத் திறந்தேன், கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்தது. கண்ணாடி மேசையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். கடையிலிருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவர் போனை விட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேசை உடையவில்லை.

அன்று பின்னேரமே தாரிகாவுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். கொட்டாஞ்சேனையில் ராசிக் என்று ஒருவர் இருக்கிறார், அவசரப்படாத ஆள், நாளைக்கு லீவு போட்டு வந்து பெரியம்மாவோடு இருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்று பதில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகை முடிந்து கடை திறக்கும்வரை படியில் நின்றேன். ராசிக்குக்கு நாற்பது வயதிருக்கும். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தார். என் துண்டை முழுவதும் வாசித்தார், இரண்டு தடவை. பிறகு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு கொப்பியையும் பேனையையும் முன்னால் வைத்தார்.

"அங்கிள், ஒண்ணும் அழிக்க மாட்டன். முதல்ல எங்க விழுந்து மூடுதுன்னு பார்ப்போம்."

அவர் ஒரே செயலியை ஆறு தடவை திறந்தார். ஒவ்வொரு தடவையும் கண்ணை எடுக்காமல் பார்த்தார். தொட்டவுடனேயே விழவில்லை, பட்டியலைப் போடப் போகிற நேரத்தில்தான் விழுகிறது என்றார். பிறகு விமானப் பயணத்தில் செய்கிறதுபோல இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டுத் திறந்தார். அப்போதும் விழுந்தது. இணைப்பில்லாதபோது மூடாமல் நின்றிருந்தால் குற்றம் வெளியே எங்கோ ஒரு கணினியில் என்று சொல்லலாம், இப்போது அது இந்தப் போனுக்குள்ளேதான் என்று விளக்கினார். செயலி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று தேடினார். இரண்டு மாதத்துக்கு முன். அதற்குப் பிறகும் அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. ஒலிவாங்கிக்கு அனுமதி இருந்தது. தன்னுடைய போனில் அதே செயலியை இறக்கித் திறந்தார். திறந்தது, நின்றது, வெறும் பட்டியலோடு.

"செயலி பொதுவா பழுதில்ல. ஒண்ணு, உங்கட பதிவுகள்ல ஏதோ. இல்லாட்டி உங்கட போன்ல ஏதோ. கடைசியா நல்லா வேல செஞ்சதுக்குப் பொறகு எதையாவது மாத்தினீங்களா?"

யோசித்தேன். போன் கீழே விழவில்லை. எதையும் இறக்கவில்லை. கொப்பியில் "ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். அதை எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை.

அடுத்து, செயலி தற்காலிகமாகச் சேர்த்து வைக்கிற குப்பையை மட்டும் துடைக்கப் போவதாகச் சொன்னார். அதில் பதிவுகள் போகாது. பதிவுகள் போவது அதற்குப் பக்கத்திலுள்ள மற்றப் பொத்தானில். இரண்டும் அருகருகே இருக்கும். அவர் திரையை நெற்றி சுருக்கிப் பார்த்தார். போனை என் பக்கம் திருப்பினார்.

"அங்கிள், இதுல எது எதுன்னு எனக்கு வெளங்குதில்ல. தமிழ் வாசிப்பன். ஆனா நாங்க இந்தத் தொழில இங்கிலிஷ் மெனுவுலதான் படிச்சது. தமிழ்ல போன் வச்சிருக்கிற ஆள் எனக்கு இந்த வருஷம் நீங்கதான் முதல். தப்பா அமுக்கிட்டா உங்கட குரல் போயிடும். இங்கிலிஷுக்கு மாத்திக்கவா?"

தலையாட்டினேன். அவர் மொழியை மாற்றினார், குப்பையைத் துடைத்தார், போனை அணைத்துப் போட்டார். செயலியைத் தொட்டார்.

பட்டியல் வந்தது. நின்றது.

நான் கையை நீட்டி முதல் பெட்டியைத் தொட்டேன். "தேத்தண்ணி போடவோ?" என்று என் குரல் கொட்டாஞ்சேனைக் கடையில் கேட்டது. பின்னால் எங்கோ பஸ் ஒன்று போகிற சத்தமும் இருந்தது, மூன்று வருடத்துக்கு முந்தின பஸ். ராசிக், "போடுங்க அங்கிள், சீனி கொறச்சு," என்றார். நான் போனை எடுத்துச் சட்டைப்பையில் போடப் போனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், மெதுவாக.

"கொஞ்சம் இருங்க. நான் ஒரு பிழை செஞ்சிட்டன். மொழிய மாத்தினதும் குப்பையத் தொடச்சதும் ஒரே தடவையில. எது சுகப்படுத்தினதுன்னு தெரியாது. தெரியாம நீங்க வீட்ட போனா நாளைக்கு மறுபடி மூடும். அப்ப என்ன செய்வீங்க?"

வீட்டுக்குப் போக வேண்டும், அதைத் தவிர எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் நாளைக்கு மறுபடி என்பது எனக்கு விளங்கியது. உட்கார்ந்தேன்.

முதலில் நூற்று நாற்பத்து மூன்றையும் ஒரு சிறிய நினைவட்டையில் பிரதி எடுத்தார். அதை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி என் கையில் தந்தார். பிறகு, துடைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, மொழியை மட்டும்தான் பழையபடி மாற்றிப் பார்க்கலாம் என்றார். நான் என் போனைக் கையால் மூடினேன். அவர் சிரித்துவிட்டுத் தன்னுடைய போனை எடுத்தார்.

தன் போனைத் தமிழுக்கு மாற்றினார். வெறும் பட்டியலோடு செயலி திறந்தது, நின்றது. அப்படியானால் தமிழ் மட்டும் குற்றமில்லை. மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றினார். போனை வாயருகே பிடித்து, "பைறோஸா, கடைய மூடிட்டு வாறன்," என்று ஒரு பதிவு செய்தார். பைறோஸா அவருடைய மனைவி. இது ஒவ்வொரு நாளும் சொல்கிற பொய், பதிந்து வைத்தால் வேலை லேசு என்றார். செயலியை மூடித் திறந்தார். நின்றது. மூடிவிட்டு, போனைத் தமிழுக்கு மாற்றி, திறந்தார்.

சின்னம். சாம்பல் கோடுகள். முகப்பு.

இரண்டு பேரும் அந்த முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேசக்கூடியவர், ஆனாலும் பேசவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. பிறகு தன் போனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பட்டியல் மறுபடி நின்றது. பெட்டியின் கீழே மிகச் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். அது பதிந்த திகதி. நாள், பிறகு ஆங்கிலத்தில் மாதத்தின் மூன்று எழுத்து, வருடம்.

"உள்ளுக்குப் பார்க்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஆனா நான் நெனைக்கிறது இதுதான். மாசத்தோட பேர இது எழுத்துல எழுதி வைக்குது, போன் எந்த பாஷையோ அந்த பாஷையில. போன் தமிழானதும் தமிழ்ல மாசத்தத் தேடுது. முன்னுக்கு நிக்கிறது இங்கிலிஷ் மாசம். வாசிக்க ஏலாம விழுந்துடுது. செஞ்சவன் தமிழ்ப் போன நெனச்சுப் பார்க்கல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "அங்கிள், எப்ப போனத் தமிழுக்கு மாத்தினீங்க?"

புதன்கிழமை பின்னேரம். இரத்தினம்மா கொட்டாஞ்சேனைக்குப் போன பிறகு. வீட்டில் கதைக்க ஆளில்லாததால் அந்தச் செயலியை நான் திறக்கவே இல்லை. போனைக் கிண்டிக்கொண்டிருந்தபோது மொழிகளின் பட்டியலில் "தமிழ் (இலங்கை)" என்று இருப்பதைக் கண்டேன். அதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். நாற்பது வருடம் கப்பல் முகவர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன், வீட்டுக்கு வந்து தமிழ் வாசித்தவன். அதை இழுத்து மேலே வைத்தேன். போன் முழுவதும் தமிழானது. அன்று அதை ஒவ்வொரு பக்கமாக வாசித்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு மாற்றமாக நான் எண்ணவே இல்லை. போன் தன் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்றுதான் எண்ணினேன்.

கொப்பியில் "புதன்" என்று எழுதினேன். ராசிக் அதை வாசித்துத் தலையாட்டினார். செயலியைச் செய்தவர்களுக்கு இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொன்னார். அவர்கள் திருத்தும்வரை போனின் மொழியைத் தொடவே வேண்டாம் என்றார்.

வீடு வந்து சேர ஐந்தரை ஆனது. தாரிகா கதவைத் திறந்துவிட்டு விடைபெற்றாள். இரத்தினம்மா அதே கதிரையில் இருந்தாள். காலடி கேட்டுத் தலையை உயர்த்தினாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளில் கேட்பதை விட்டுவிட்டாள்.

பெட்டியைத் தொட்டேன்.

"நான் இங்கதான் இருக்கிறன்."

அவள் கையை நீட்டவில்லை. அதற்கு இனி அவசியமில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஓ, அது தெரியுது," என்றாள். பிறகு: "என்னவாம் பழுது? ஆர் செய்த வேலை?"

பட்டியலை மேலும் கீழும் தள்ளினேன். தேநீர் இருந்தது, மழை இருந்தது, கதவு இருந்தது, மருந்து இருந்தது, பால்மா முடிந்துவிட்டது இருந்தது. என்னில் பிழை என்று சொல்ல ஒரு பெட்டியும் இருக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. சென்னைப் பெண்ணிடம் கொடுத்தால் அவள் அழகாகச் சொல்லுவாள். ஆனால் அவளை வீட்டுக்குள் விடக்கூடாது.

இரத்தினம்மாவின் கையை எடுத்து விரித்தேன். எழுதினேன். த. அவள் பொறுமையாக இருந்தாள். மி. மூன்று தடவை. ழ். அதை நாலு தடவை எழுத வேண்டியிருந்தது.

"தமிழோ?" என்றாள். "தமிழ் என்ன செய்தது?"

அவளுடைய முகம் நான் இருக்கிற பக்கம் சரியாகத் திரும்பியிருந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. தேடி, கடைசி வரிசையில் இருந்த மிகச் சிறிய பெட்டியைத் தொட்டேன்.

"ஓம்," என்றது என் குரல்.